அரிப்பின் வடிவத்தைப் பாருங்கள்



தோல் அரிச்சா நாம எல்லாத்தையும் அலர்ஜின்னு சொல்லிடுறோம். ஆனா அதுல ரெண்டு வகை உண்டு. ஒன்று கரப்பான், டாக்டர்கள் எக்சிமா என்பார்கள். பெரும்பாலும் சின்ன வயசிலேயே தொடங்கும். முழங்கை மடிப்பு, முழங்காலுக்குப் பின்பக்கம் என்று இரண்டு பக்கமும் வரும். ஓரம் தெளிவாக இருக்காது. இன்னொன்று, ஒரு பொருள் பட்டு வருவது. அது பட்ட இடத்தில், பட்ட வடிவத்திலேயே வரும்.

எங்க குழுவில் ஒரு அக்காவுக்குச் சின்ன வயசில் கரப்பான் இருந்தது. போன வருஷம் நெற்றி சிவந்து அரிச்சதும், பழையது திரும்பிடுச்சுன்னு நினைச்சாங்க. கை மடிப்பைப் பார்த்தோம், சுத்தமா இருந்தது. நெற்றியில் மட்டும், ஸ்டிக்கர் பொட்டு அளவுக்கே வட்டம்.

"பத்து வருஷமா இதைத்தானே ஒட்டுறேன்?" என்றார். பழகின பொருளே ஒருநாள் ஒத்துக்காமப் போகும். ஒட்டி ஒன்றிரண்டு நாள் கழிச்சும் அரிப்பு வரும். வேற கம்பெனி பொட்டு மாத்தியும் நிக்கல. காரணம், பெரும்பாலும் பொட்டின் பசைதான். முழுசா நிறுத்தின பிறகு மூணு வாரத்தில் அடங்கியது. அப்படியே விட்டிருந்தா அந்த இடம் வெள்ளையாகவும் வாய்ப்புண்டு.

இதே மாதிரி கழுத்தைச் சுற்றிக் கோடாக வந்தால் கவரிங் சங்கிலியைச் சந்தேகப்படுங்க; அதில் இருக்கிற நிக்கல் காரணமாகலாம். கையில் வந்தால் வடிவம் பார்த்துச் சொல்வது கஷ்டம். கரப்பானும் சோப்புத்தூளும் அங்கே கலந்தே இருக்கும். அப்போது தோல் டாக்டரிடம் போங்க. சந்தேகப் பொருட்களை முதுகில் இரண்டு நாள் ஒட்டிப் பார்க்கும் பரிசோதனை இருக்கு.