படத்துக்கு அடியில் ஒரு வரி

(அடையாறு பகுதி ஆசிரியர்களுக்கான குறுவளமையக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு பள்ளிகளிலிருந்து வந்திருக்கும் தொடக்க, உயர்நிலை ஆசிரியர்கள் இங்கே இருக்கிறீர்கள். நம்மில் பலர் பாடத்துக்கு ஸ்லைடு தயாரிக்கிறோம். அதில் நன்றாக அமைந்த ஒன்றைப் பொதுமக்களும் படிக்கும்படி கட்டுரையாக மாற்றித் தரச் சொல்லி இப்போது அடிக்கடி கேட்கிறார்கள். அப்படி மாற்றும்போது படங்களையும் வரைபடங்களையும் என்ன செய்வது என்பதை மட்டும் பேசப் போகிறேன்.

எடுத்துக்காட்டுக்கு என்னுடைய ஸ்லைடு தொகுப்பையே எடுத்துக்கொள்கிறேன். எட்டாம் வகுப்பு நீரியல் சுழற்சிப் பாடத்தோடு சேர்த்து, 2019 கோடையில் சென்னை பட்ட தண்ணீர்ப் பஞ்சத்தைப் பற்றிச் சொல்லும் தொகுப்பு அது. அதில் நீர்ச் சுழற்சிப் படம் ஒன்று, ஏரிகளின் நீர் இருப்பைக் காட்டும் செய்தித்தாள் வரைபடம் ஒன்று, புழல் ஏரியின் செயற்கைக்கோள் படங்கள் இரண்டு, கபாலீசுவரர் கோயில் தெப்பக்குளத்தின் புகைப்படம் ஒன்று, தண்ணீர் லாரிக்கு முன்னால் குடங்கள் வரிசையாக நிற்கும் படம் இரண்டு. அந்த இரண்டில் ஒன்று ஒரு செய்திப் புகைப்படக்காரர் எடுத்தது. மற்றது எங்கள் மாணவி மயிலாப்பூர்ச் சந்து ஒன்றில் எடுத்தது.

வகுப்பறையில் இவற்றைக் காட்டும்போது சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கற்பித்தலின் போக்கில் ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்பைப் படியெடுப்பதை மீறலாகக் கருதுவதில்லை. டெல்லிப் பல்கலைக்கழக ஜெராக்ஸ் கடை வழக்கில் 2016இல் டெல்லி உயர் நீதிமன்றம் இந்த விலக்குக்கு விரிவான பொருளே கொடுத்தது. ஆனால் விரிந்தாலும் அது கற்பித்தலுக்கான விலக்குதான். ஊரே படிக்கும் கட்டுரையில் அதே படத்தைப் போட்டால், ‘நான் ஆசிரியர்’ என்ற ஒன்று மட்டும் போதாது. ஆகவே ஸ்லைடில் இருந்த ஒவ்வொரு படத்தையும் புதிதாக வருவதுபோல் எண்ணி, இதைப் போட எனக்கு உரிமை இருக்கிறதா, இருந்தால் யார் பெயரைச் சொல்ல வேண்டும் என்று கேட்க வேண்டும். இவை இரண்டும் வெவ்வேறு கேள்விகள். பெயரைப் போட்டுவிட்டால் அனுமதி கிடைத்துவிட்டதாகாது. பதிப்புரிமைக் காலம் முடிந்த படத்துக்கு அனுமதி வேண்டாம் என்றாலும் எடுத்தவர் பெயரைச் சொல்வதுதான் முறை.

‘நன்றி: கூகுள்’, ‘படம்: இணையம்’ என்று எழுதும் வழக்கத்தை முதலில் விட்டுவிடலாம். கூகுள் அந்தப் படத்தை எடுக்கவில்லை, தேடித்தான் கொடுத்தது. நூலகரிடம் வாங்கிய புத்தகத்துக்கு ஆசிரியர் பெயர் என்று நூலகர் பெயரை எழுதுவோமா?

இனி ஏரி வரைபடத்துக்கு வருகிறேன். அதிகம் யோசிக்க வைத்தது அதுதான். செய்தித்தாளில் வந்த பட்டை வரைபடம் அது. அடியில் சிறிய எழுத்தில் சென்னைக் குடிநீர் வாரியத்தின் பெயர் இருந்தது. இதற்கு யார் பெயரைப் போடுவது? செய்தித்தாள் பெயரை மட்டும் போட்டால் எண்கள் அவர்களுடையவை என்றாகிவிடும். வாரியத்தின் பெயரை மட்டும் போட்டால் வரைந்தவரின் உழைப்பு மறைந்துவிடும். இரண்டையும் போட்டாலும், அவர்கள் வரைந்ததை அப்படியே பொதுவில் வெளியிட அனுமதி வேண்டும்.

வழி ஒன்று இருக்கிறது. எண் என்பது ஓர் உண்மைத் தகவல். ஓர் ஏரியில் ஒரு நாளில் எவ்வளவு தண்ணீர் இருந்தது என்பதற்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது. அதை எந்த வடிவத்தில், எந்த நிறத்தில், என்ன அடுக்கில் வரைந்தார்களோ அதுதான் வரைந்தவரின் படைப்பு. குடிநீர் வாரியம் ஏரிகளின் இருப்பை நாள்தோறும் வெளியிடுகிறது. அங்கே போய் எண்களை எடுத்து நானே வரைந்துகொண்டேன். செய்தித்தாள் பட்டையைப் பார்த்து, நிறத்தை மட்டும் மாற்றி மறுபடி வரைவது இதில் சேராது. மூல அட்டவணையிலிருந்து தொடங்க வேண்டும்.

அப்படித் தொடங்கியதில் இன்னொன்றும் தெரிந்தது. வாரியம் தருவது மில்லியன் கனஅடிக் கணக்கு. பூண்டியின் முழுக் கொள்ளளவு 3,231, சோழவரம் 1,081, புழல் 3,300, செம்பரம்பாக்கம் 3,645. நான்கும் சேர்ந்து 11,257. நான் எடுத்த அட்டவணையில் இருந்தவை இந்தக் கொள்ளளவுகளும் அன்றைய இருப்பும்தான். மொத்தக் கொள்ளளவில் புழலின் பங்கு 29 சதவீதம் என்ற எண் அதில் இல்லை. 3,300ஐ 11,257ஆல் யாரோ வகுத்திருக்கிறார்கள். இப்படி மூல அட்டவணையில் இல்லாத எண் ஒன்று வரைபடத்தில் இருந்தால், அது இடையில் ஒருவர் செய்த கணக்கு என்று தெரிந்துகொள்ளலாம். அவர் கணக்கை எடுத்தாண்டால் அவர் பெயரைச் சொல்ல வேண்டும். நாமே வகுத்தால் அதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் தவறினால் பொறுப்பு வாரியத்துடையது அல்ல, நம்முடையது.

தேதியையும் விடக்கூடாது. 2020 நவம்பரில் கண்ணன்கோட்டை – தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கம் திறக்கப்பட்டு, 500 மில்லியன் கனஅடி கூடியது. அதன் பிறகு மொத்தம் 11,757. ‘மொத்தக் கொள்ளளவில் இத்தனை சதவீதம்’ என்று தேதி இல்லாமல் எழுதினால் எந்த மொத்தம் என்று படிப்பவருக்குத் தெரியாது. ஆகவே என் வரைபடத்தின் அடியில் இப்படி எழுதினேன்: ‘தரவு: சென்னைக் குடிநீர் வாரியம், ஏரி நீர் இருப்பு அட்டவணை (எந்தத் தேதிக்குரியது, எந்தத் தேதியில் பார்த்தது). நான்கு ஏரிகள் மட்டும். சதவீதக் கணக்கும் வரைபடமும்: கட்டுரையாளர்.’ நீளமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சரிபார்க்க விரும்புகிறவருக்கு வழி தெரியும்.

செய்தித்தாள் வரைபடத்தை அப்படியே காட்டுவதற்கு இடம் உண்டா என்று கேட்கலாம். அந்த வரைபடத்தையே விமர்சிப்பதாக இருந்தால் உண்டு. பட்டைகள் பூஜ்யத்திலிருந்து தொடங்கவில்லை, அதனால் வீழ்ச்சி பெரிதாகத் தெரிகிறது என்று எழுதுகிறோம் என்றால், விமர்சனத்துக்காகக் காட்டுவதற்கு அதே 52ஆம் பிரிவு இடம் தருகிறது. அலங்காரத்துக்காகப் போட்டால் அந்தக் காரணம் நிற்காது.

அடுத்து புழல் ஏரி. நிறைந்த ஏரியும் வறண்ட ஏரியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் படங்களை 2019இல் நாம் எல்லோரும் பார்த்தோம், வாட்ஸ்அப்பில் பகிர்ந்தோம். உலகச் செய்திகளில் பரவலாக வந்த இணை மாக்சர் என்ற தனியார் நிறுவனத்தினுடையது. அது உரிமையுள்ள படம், பெயர் போட்டாலும் அனுமதி இல்லாமல் வெளியிட முடியாது. கூகுள் எர்த் படங்களிலும் கீழ் ஓரத்தில் கூகுள் பெயரும் படம் தந்த நிறுவனத்தின் பெயரும் இருக்கும். ஸ்லைடில் அடங்க வேண்டும் என்று நாம் முதலில் வெட்டுவது அந்த ஓரத்தைத்தான். அது அழியாமல் தெரிய வேண்டும் என்பது அவர்களுடைய நிபந்தனை.

இதற்கும் மாற்று இருக்கிறது. அமெரிக்காவின் லேண்ட்சாட், ஐரோப்பாவின் சென்டினல் செயற்கைக்கோள்கள் எடுத்தவை யாரும் பயன்படுத்தக் கிடைக்கின்றன. `Copernicus Browser` என்பதில் இலவசமாகக் கணக்கு தொடங்கி, புழலைத் தேடி, தேதியைத் தேர்ந்தெடுத்தால் சென்டினல்-2 படம் வரும். நம் ஊரில் ஐப்பசி, கார்த்திகையில் மேகம்தான் தெரியும், கோடை மாதங்களில் ஏரி தெளிவாகக் கிடைக்கும். 2018க்கும் 2019க்கும் ஒரே மாதத்தை எடுக்க முடிந்தது கூடுதல் லாபம், ஒப்பீடு நேர்மையாக இருக்கிறது. இதற்கு அவர்கள் கேட்கும் வாசகம் ஒன்று உண்டு. ஆண்டைச் சேர்த்து, மாற்றாமல் போட வேண்டும்:

`Contains modified Copernicus Sentinel data [2019]`

தமிழில் விளக்கம் சேர்க்கலாம், ஆனால் இந்த வரியை எடுத்துவிடக் கூடாது.

தெப்பக்குளத்தின் படம் விக்கிமீடியா காமன்ஸில் எடுத்தது, உரிமம் `CC BY-SA 4.0`. இதற்கு எடுத்தவர் அங்கே கொடுத்திருக்கும் பெயர், எடுத்த இடம், உரிமத்தின் பெயர், நாம் செய்த மாற்றம் ஆகியவற்றைச் சொல்ல வேண்டும். நான் ஓரத்தை வெட்டியிருந்தேன், ஆகவே ‘ஓரம் வெட்டப்பட்டது’ என்று சேர்த்தேன். பலர் இந்த மாற்றக் குறிப்பை விட்டுவிடுகிறார்கள். தமிழாசிரியர்களும் சமூக அறிவியல் ஆசிரியர்களும் இங்கே கவனிக்க ஒன்று உண்டு. ஆங்கிலப் படத்தில் பெயர்களை அழித்துத் தமிழில் எழுதுகிறோமே, அதுவும் மாற்றம்தான். உரிமத்தில் `ND` என்ற எழுத்துகள் இருந்தால் மாற்றிய படத்தை வெளியிடக் கூடாது என்று பொருள். என் நீர்ச் சுழற்சிப் படத்துக்கு முதலில் அப்படி ஒரு படத்தைத்தான் பார்த்து வைத்திருந்தேன். தமிழில் பெயரிட வேண்டியிருந்ததால் அதை விட்டு, பொதுச் சொத்தாகக் கிடைக்கும் அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையின் படத்தை எடுத்து, ‘தமிழ்ப் பெயர்கள்: கட்டுரையாளர்’ என்று குறித்தேன்.

இந்தக் குறிப்புகள் எங்கே இருக்க வேண்டும் என்பதும் முக்கியம். ஸ்லைடில் எல்லாவற்றையும் கடைசிப் பக்கத்தில் போடுகிறோம். கட்டுரையாக மாறும்போது அந்தப் பக்கம் கழன்றுவிடும். ஸ்லைடுக்கு அடியில் இருக்கும் குறிப்புப் பகுதியில் எழுதினாலும் பிடிஎஃப் ஆக்கும்போது பெரும்பாலும் போய்விடும். ஆகவே ஒவ்வொரு படத்துக்கும் நேர் அடியில், படம் வைக்கும் அன்றே எழுதிவிடுவது நல்லது. ஆறு மாதம் கழித்துத் தேடினால் அதே படம் இருபது இடங்களில் கிடைக்கும், முதலில் வெளியிட்டவர் யார் என்பது தெரியாது. அப்படி நேர்ந்தால் கூகுள் லென்ஸில் தேடி, கிடைப்பவற்றில் பழைய தேதியும் பெரிய அளவும் கொண்ட படத்திலிருந்து பின்னோக்கிப் போகலாம். அப்போதும் தெரியாவிட்டால் அந்தப் படத்தை நான் போடுவதில்லை.

மாணவி எடுத்த குடங்களின் படத்தைப் பற்றி. பள்ளி வேலைக்காக எடுத்தாலும் அந்தப் படத்தின் உரிமை எடுத்த பிள்ளைக்கே. அவளிடம் கேட்டேன், அவள் அம்மாவிடம் எழுத்தில் வாங்கினேன். ‘பேரு போடுவீங்களா மிஸ்?’ என்றுதான் முதலில் கேட்டாள். முழுப் பெயரும் பள்ளியின் பெயரும் சேர்ந்து வெளியே போக வேண்டாம் என்று அம்மா நினைத்தார். பெயரின் முதல் பகுதியையும் வகுப்பையும் மட்டும் போடுவதென்று மூவரும் முடிவு செய்தோம். வரிசையில் நின்ற பெண்களின் முகம் தெளிவாகத் தெரிந்த பக்கத்தை வெட்டிவிட்டோம், அவர்களிடம் யாரும் கேட்கவில்லை அல்லவா.

செய்திப் புகைப்படக்காரருக்குக் கடிதம் எழுதினேன். எந்தப் படம், எங்கே வெளியிடப் போகிறேன், பணம் ஏதும் வராத கட்டுரை, அவர் பெயர் எப்படி வரும், அளவு என்ன என்று ஐந்தே வரி. படத்தையும் இணைத்தேன். பதில் இன்னும் வரவில்லை. பதில் இல்லாததைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள முடியாது. அந்த இடத்தில் மாணவியின் படத்தைப் பெரிதாக வைத்துக் கட்டுரையை அனுப்பிவிட்டேன்.