பல் முளைப்பதும் காய்ச்சலும் ஒன்றல்ல

(தாய்மார்கள் கூட்டத்தில் குழந்தைகள் நல மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையிலிருந்து)



ஆறு மாதத்தையொட்டிப் பெரும்பாலான குழந்தைகளுக்குக் கீழ்வரிசை முன்பற்கள் முளைக்கத் தொடங்குகின்றன. அப்போது ஈறு சிவந்து தடிக்கும், எச்சில் வடியும், கையில் கிடைத்ததைக் கடிக்கும், இரவில் சிணுங்கும். பல்லால் வருவது இவ்வளவுதான். உடம்பு லேசாகக் கதகதக்கலாம், 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் அது காய்ச்சல். அதற்கு வேறு காரணம் தேட வேண்டும்.

கையை நன்றாகக் கழுவி, விரலால் ஈறை மெதுவாக அழுத்தித் தேய்த்து விடுங்கள். சுத்தமான துணியை நனைத்து ஃபிரிட்ஜில் வைத்து, குளிர்ந்ததும் கடிக்கக் கொடுங்கள், அருகிலேயே இருங்கள். ஃப்ரீசரில் உறைந்தது ஈறைப் புண்ணாக்கும். வடியும் எச்சிலைத் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, தாடையில் கொஞ்சம் வாசலின் தடவினால் தோல் சிவக்காது.

ஈறில் தேன் தடவும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் குடலில் வளர்ந்து, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்கலாம். ஆகவே ஒரு வயதுவரை தேன் வேண்டாம். மரத்துப்போகச் செய்யும் ஜெல்லும் வேண்டாம், விழுங்கினால் ஆபத்து. கழுத்தில் மணிமாலை போட்டால் இறுக்கும், அறுந்தால் தொண்டையில் அடைக்கும்.

இனி முக்கியமான விஷயம். ஏழு மாதக் குழந்தை ஒன்று எச்சில் வடிக்கிறது, ஈறும் வீங்கியிருக்கிறது. மறுநாள் ஐந்தாறு முறை தண்ணீராகப் போகிறது, காய்ச்சல் 101. "பல் முளைக்குது, தானா சரியாயிடும்" என்று வீட்டில் சொல்வார்கள். தாயிடமிருந்து கருவில் பெற்ற எதிர்ப்புச் சக்தி குறையும் வயது இது. தவழ்ந்து, எல்லாவற்றையும் வாயில் வைக்கும் வயதும் இதுவே. அதனால்தான் பல்லும் வயிற்றுப்போக்கும் ஒரே நேரத்தில் வருகின்றன. பல் அதற்குக் காரணமல்ல.

இந்தக் குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. பாக்கெட்டில் எழுதியிருக்கும் அளவு தண்ணீரில் ஓ.ஆர்.எஸ். கரைத்து, ஒவ்வொரு முறை போன பிறகும் 50 முதல் 100 மில்லி வரை, கரண்டி கரண்டியாகக் கொடுத்துக்கொண்டே அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

வாயைக் கவனியுங்கள். நேற்றுவரை சட்டை நனைய வடித்த வாய் உலர்ந்துவிட்டால் உடம்பில் நீர் வற்றுகிறது என்று பொருள். ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, உச்சிக்குழி உள்வாங்கியிருக்கிறது, பால் குடிக்கவில்லை, துவண்டு கிடக்கிறது, மலத்தில் ரத்தம், விடாத வாந்தி: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் காலைவரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.