கழுத்தைப் பற்றிய கட்டியா, கழுத்தைத் தாண்டிய கட்டியா?



தாடையில் வரும் நீர்க்கட்டிகள் அத்தனையையும் ஒரு தலைமை உரையில் சொல்லி முடிக்க இயலாது. நான் ஒரே ஓர் இடத்தை எடுத்துக்கொள்கிறேன். அது கீழ்த்தாடையின் கோடி, முளைக்காத ஞானப்பல் புதைந்திருக்கும் இடம். ஓ.பி.ஜி. படத்தில் அந்தப் பல்லைச் சுற்றி ஒரு கருநிழல் தெரிகிறது என்றால், நம் மாணவர்கள் பெரும்பாலோர் தயங்காமல் ‘டென்டிஜெரஸ் சிஸ்ட்’ என்று எழுதிவிடுகிறார்கள். அந்த அவசரத்தைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன்.

எங்கள் துறைக்கு வந்த ஒருவரைச் சொல்கிறேன். இருபத்து நான்கு வயது இளைஞர். சொத்தைப்பல்லுக்காக வந்தவர், வீக்கமோ வலியோ இல்லை. படம் எடுத்தபோது, வலது கீழ் ஞானப்பல்லிலிருந்து முன்னே முதல் கடைவாய்ப்பல் வரையிலும், பின்னே தாடையின் ஏறுபகுதி வரையிலும் ஒரு நீண்ட நிழல். ஓரத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு. அந்தக் கோடு அங்கங்கே வளைந்து வளைந்து சென்றது. பல்லின் தலைப்பகுதி நிழலுக்குள் இருந்தது.

கட்டி எப்படி வளர்கிறது என்று தெரிந்தால்தான் படம் பேசும். டென்டிஜெரஸ் கட்டியில், முளைக்காத பல்லின் எனாமலுக்கும் அதைப் போர்த்திய உறைக்கும் நடுவே நீர் சேர்கிறது. அந்த உறை பல்லின் கழுத்தில், எனாமல் முடிந்து வேர் தொடங்கும் கோட்டில், ஒட்டியிருக்கிறது. ஆகவே படத்திலும் நிழலின் ஓரம் இருபுறமும் அந்தக் கழுத்தில்தான் வந்து முடியவேண்டும். உள்ளே நீரின் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகத் தள்ளுவதால் எலும்பு வெளியே உப்பும்.

கெரட்டோசிஸ்ட் அப்படியல்ல. அங்கே உறையின் செல்களே பெருகுகின்றன. எதிர்ப்புக் குறைந்த மஜ்ஜை வழியாக அது தாடையின் நீளத்திலேயே ஊர்ந்து போகும். கன்னப்புறமும் நாக்குப்புறமும் அதிகம் உப்பாது. ஒரு பெரிய நிழல், ஆனால் முகத்தில் வீக்கமே இல்லை என்றால், முதலில் இதைத்தான் நினைக்கவேண்டும். நம் இளைஞருக்கும் அதுதான் நிலை. சி.பி.சி.டி. எடுத்துப் பார்த்தபோது நிழலின் ஓரம் பல்லின் கழுத்தில் நிற்காமல் வேரையும் தாண்டிக் கீழே இறங்கியிருந்தது. ஓ.பி.ஜி.யில் ஒன்றன்மேல் ஒன்று விழுந்த உருவங்கள் அதை மறைத்துவிட்டன.

ஆனாலும் படம் தீர்ப்புச் சொல்லாது. அமெலோபிளாஸ்டோமா என்ற புற்று அல்லாத, ஆனால் எலும்பைத் தின்னும் கட்டியும் இதே இடத்தில் இதே உருவத்தில் வரும். பக்கத்துப் பல்லின் வேரை அரித்திருந்தால் அதன்மேல் ஐயம் கூடும். எனவே திறப்பதற்கு முன் தடித்த ஊசியால் உறிஞ்சிப் பார்க்கிறோம். ரத்தம் பீறிட்டால் அது ரத்தநாளக் கோளாறாக இருக்கலாம், கை வைக்கக்கூடாது. வைக்கோல் நிறத்துத் தெளிந்த நீர் டென்டிஜெரஸ் பக்கம் சாய்க்கும். நம் இளைஞருக்கு வந்தது வெண்ணிறத்தில் கெட்டியான பொருள், அதாவது உதிர்ந்த கெரட்டின். கெரட்டோசிஸ்ட்தான் என்பதைப் பயாப்சி உறுதிசெய்தது.

பெயர் மாறினால் சிகிச்சை மாறும். டென்டிஜெரஸ் என்றால் பல்லோடு சேர்த்துக் கட்டியை முழுதாக எடுத்துவிட்டால் பெரும்பாலும் முடிந்தது. கெரட்டோசிஸ்ட்டின் உறை ஆறு முதல் எட்டு செல் அடுக்கே கொண்டது. ஈரக் காகிதம்போல் கையில் கிழியும். ஒரு துணுக்கு எலும்பில் தங்கினாலும், சுவரில் உள்ள சிறு துணைக்கட்டி ஒன்று விடுபட்டாலும், மறுபடி வளரும். 2005-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு இதைக் கழலை என்றே பெயர் மாற்றியது. 2017-இல் மறுபடி நீர்க்கட்டியாக்கியது. பெயர் எதுவானாலும் திரும்பி வரும் குணம் மாறவில்லை.

இவருக்குக் கீழ்த்தாடை நரம்பு கட்டியின் அடியை ஒட்டியே சென்றது. உடனே சுரண்டினால் உதடு மரத்துப்போகும் அபாயம் அதிகம். அதனால் முதலில் கட்டியில் ஒரு வாசல் திறந்து சிறு குழாய் வைத்தோம். வீட்டில் அவரே தினமும் உப்புநீரைச் சிரிஞ்சால் செலுத்திக் கழுவிவந்தார். உள்ளழுத்தம் நீங்கியதும் மாதக்கணக்கில் கட்டி சுருங்கியது. நரம்புக்கும் கட்டிக்கும் நடுவே புது எலும்பு தோன்றியது. அதன் பிறகே பல்லையும் எஞ்சிய உறையையும் எடுத்து, சுற்றியுள்ள எலும்பின் மேற்பரப்பையும் பர்ரால் தேய்த்தெடுத்தோம். கழுவுவதைப் பாதியில் நிறுத்திவிடும் நோயாளிக்கு இந்த வழி உதவாது. அதை முன்கூட்டியே பேசிப் புரியவைக்கவேண்டும்.

மறுவளர்ச்சி பெரும்பாலும் முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் தலைகாட்டும். பத்தாண்டு கழித்து வந்ததும் உண்டு. எனவே ஆண்டுதோறும் படம் எடுக்கும்போது தாடையின் ஏறுபகுதி மேல்நுனி வரை முழுதாகத் தெரிகிறதா என்று பாருங்கள். வலியில்லாத புது நிழல் அங்கேயும் தொடங்கலாம்.

இதே நோயில் திசு ஆய்வு என்ன காட்டுகிறது என்பதை முதல் அமர்வின் கட்டுரைகள் விளக்கும். அந்த அமர்வைத் தொடங்கிவைக்கிறேன்.