வேலை உத்தரவும் கம்பெனியின் மெய்யும்
(ஊராட்சி அங்கத்தினர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



சென்ற அறுவடைக் காலத்தில் எங்கள் ஊர் விவசாயி ஒருவர் ஒரு காகிதத்துடன் என்னிடம் வந்தார். அது ஐ.டி.ஐ. படித்த அவருடைய மகனுக்கு வந்த வேலை உத்தரவு. ஓசூரில் மோட்டார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி. மாதம் 24,000 ரூபாய் சம்பளம். சீருடைக்கும் காப்புத்தொகைக்குமாக 6,500 ரூபாயை மூன்று தினங்களுக்குள் செலுத்த வேண்டும். ஆதார், பான் அட்டை, பாஸ் புத்தகம் ஆகியவற்றின் நகல்களை வாட்ஸப்பில் அனுப்ப வேண்டும். நெல்லை விற்கலாமா என்று கேட்கவே அவர் வந்திருந்தார். பையனை யாரும் நேரில் கண்டு பேசவில்லை என்பதை நான் கேட்ட பிறகுதான் சொன்னார்.

காகிதத்தின் தலைப்பை முதலில் பார்த்தோம். 2013ஆம் வருஷத்துக் கம்பெனிகள் சட்டப்படி, பதிவு பெற்ற கம்பெனி ஒவ்வொன்றும் தன் கடிதத் தாளில் பெயர், பதிவு அலுவலக விலாசம், தொலைபேசி, மின்னஞ்சல் ஆகியவற்றோடு பதிவு எண்ணையும் அச்சிட வேண்டும். CIN என்னும் அவ்வெண்ணில் எழுத்தும் இலக்கமுமாக 21 இடங்கள் உண்டு. பங்குச் சந்தையில் இடம்பெற்ற கம்பெனியானால் முதலெழுத்து L, இல்லையேல் U. அடுத்த ஐந்து இலக்கங்கள் தொழிலின் வகையைக் குறிக்கும். பிறகு ராஜ்யத்தின் இரண்டு எழுத்துக்கள், தமிழ்நாட்டுக்கு TN. அதன்பின் வருவது பதிவான வருஷம். கம்பெனியின் வகையைச் சொல்லும் மூன்று எழுத்துக்களும் ஆறு இலக்கங்களும் இறுதியில் நிற்கும். 'நாற்பது ஆண்டு அனுபவம்' என்று மேலே அச்சிட்டுவிட்டு, எண்ணில் 2022 என்றிருந்தால் கேள்வி எழுப்ப வேண்டியதுதான். ஆனால் பழைய கூட்டு வியாபாரம் பின்னாளில் கம்பெனியாக மாறினாலும் வருஷம் இவ்வாறு பிந்தியிருக்கும். ஆகையால் அதை மட்டும் கொண்டு தீர்ப்புச் சொல்லலாகாது.

பின்னர் இ-சேவை மையத்தில் mca.gov.in என்ற மத்திய அரசின் தளத்தைத் திறந்து, Master Data என்ற பகுதியில் அவ்வெண்ணைத் தேடினோம். இதற்கு அரசாங்கம் கட்டணம் வாங்குவதில்லை. கம்பெனியின் பெயரும் பதிவான தேதியும் விலாசமும் அங்கே தெரியும். அவற்றோடு அதன் நிலையும் காணும். Active என்றால் நடப்பில் உள்ளது. Strike Off என்றால் பதிவேட்டினின்று நீக்கப்பட்டது. எங்கள் காகிதத்தின் எண் சரியாயிருந்தது. பெயரும் விலாசமும் பொருந்தின, நிலையும் Active. தகப்பனாரின் முகம் மலர்ந்தது. உண்மையைச் சொன்னால் எனக்கும் பாதி சந்தேகம் தீர்ந்துவிட்டது.

பெரும்பாலோர் இங்கேதான் ஏமாறுகின்றனர். கம்பெனி மெய்யாக இருப்பது ஒன்று. கடிதம் அக்கம்பெனியிலிருந்து வந்தது என்பது முற்றிலும் வேறு. பதிவேடு எவரும் பார்க்கத்தக்கது. நாம் பார்க்கும் எண்ணை மோசக்காரனும் பார்த்துத் தன் காகிதத்தில் எழுதிக்கொள்ளலாம். மறுபடியும் காகிதத்தைக் கவனித்தோம். மின்னஞ்சல், எவரும் இலவசமாகத் தொடங்கக்கூடிய ஜிமெயில் விலாசம். பணம் செலுத்தவேண்டிய வங்கிக் கணக்கோ ஒரு தனி மனிதரின் பெயரில் இருந்தது. கம்பெனியின் பெயரில் இல்லை.

ஆகையால் காகிதத்திலிருந்த தொலைபேசிக்கு நாங்கள் பேசவில்லை. பேசினால் எழுதியவனே எடுத்து, 'ஆம், மெய்தான்' என்பான். பதிவேட்டில் கண்ட விலாசத்தை ஓசூரிலுள்ள என் மைத்துனருக்குத் தெரிவித்து, காகிதத்தின் படத்தையும் அனுப்பினேன். மறுநாள் அவர் தொழிற்சாலை வாயிலுக்குச் சென்றார். காவலாளி உள்ளேயிருந்து ஆளெடுக்கும் பிரிவின் உத்தியோகஸ்தரை அழைத்து வந்தார். அவர் காகிதத்தைக் கண்டதும், 'கையெழுத்திட்டவர் பெயரில் இங்கே எவரும் இல்லை. வேலைக்கு நாங்கள் பணம் வாங்குவதே கிடையாது. இந்த மாதத்தில் இது மூன்றாவது' என்றாராம். உறவினர் அருகில் இல்லாதவர்கள் பதிவு விலாசத்துக்கு விரைவுத் தபால் அனுப்பிக் கேட்கலாம். மூன்று தினக் கெடுவுக்குள் பதில் வராதே என்று அஞ்ச வேண்டாம். அக்கெடுவின் நோக்கமே இவ்விசாரணையைத் தடுப்பதுதான்.

ஒருவரே நடத்தும் சிறு பட்டறையும் கடையும் கம்பெனிப் பதிவேட்டில் இரா. ஜி.எஸ்.டி. எண் இருந்தால் gst.gov.in தளத்தில் தேடலாம். அதுவும் இல்லாத சிறு தொழில்கள் உண்டு. அவற்றை நேரில் சென்று காண்பதைவிட வேறு வழி நானறியேன்.

நகல்களைப்பற்றி ஒரு வார்த்தை. பணம் போனால் 6,500 ரூபாயோடு தீரும். ஆதார், பான் நகல்கள் போனால், பையன் பெயரில் கணக்குத் தொடங்கி, பிறரை ஏமாற்றிய பணத்தை அதில் வாங்க இடமுண்டு; போலீசார் வந்து நிற்பது நம் வாசலில். விசாரணை முடியுமுன் அடையாளம் காட்ட வேண்டிவந்தால், கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரை UIDAI தளத்திலிருந்து எடுத்துக் கொடுக்கலாம். அசல் சான்றிதழ்களைத் தபாலில் அனுப்பவே கூடாது.

எங்கள் விவசாயியின் நெல் விற்கப்படவில்லை. பக்கத்து ஊர்ப் பையன் ஒருவன் அதே காகிதத்துக்குப் பணம் செலுத்தியிருந்தான். வெட்கத்தினால் ஒன்பது நாள் எவரிடமும் சொல்லவில்லை. 1930 என்ற எண்ணுக்கு அவன் புகார் சொன்னபோது அக்கணக்கில் மீதி எதுவும் இல்லை.