வலி நின்ற பிறகு உள்ள வேலை



சேலத்திலும் திருச்செங்கோட்டிலும் உள்ள பல் மருத்துவக் கல்லூரிகளுக்கு விசைத்தறிக்காரர்களும் கோழிப்பண்ணைத் தொழிலாளர்களும் லாரி ஓட்டுநர்களும் வருகிறார்கள். ரூட் கெனால், கேப், கிளீனிங் ஆகிய சொற்களை அவர்கள் ஏற்கெனவே அறிவார்கள். அந்தச் சொற்களுக்குள் நடக்கும் வேலைதான் அவர்களுக்குத் தெரிவதில்லை. அதனால் சிகிச்சை பாதியில் நின்றுபோகிறது.

நாமக்கல்லிலிருந்து ஒரு லாரி ஓட்டுநர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். கீழ்த்தாடையின் முதல் பெரிய கடைவாய்ப்பல்லில் சொத்தை. சூடான டீ பட்டால் வலி தெறிக்கிறது. டம்ளரைக் கீழே வைத்து வெகுநேரம் ஆகியும் அடங்குவதில்லை. இரவில் தானாகவே எழுப்பிவிடுகிறது. சொத்தை பல்லின் நடுவிலுள்ள பற்கூழை எட்டிவிட்டது, அது இனித் தேறாது என்பதற்கு இவை அடையாளங்கள். நரம்பும் இரத்தக் குழாய்களும் கலந்த மென்மையான திசுவே பற்கூழ். அதையே மக்கள் ‘நரம்பு’ என்கிறார்கள்.

ரூட் கெனால், அதாவது வேர் சிகிச்சை, இந்தக் கூழை எடுத்துவிட்டுப் பல்லைக் காப்பாற்றும் வழி. மரத்துப்போக ஊசி போட்டு, பல்லின் மேற்புறத்தில் சிறு வழி திறப்பார்கள். இந்தப் பல்லுக்குப் பெரும்பாலும் 2 வேர்கள். உள்ளே 3 குழாய்கள், சிலருக்கு 4. ஒவ்வொன்றின் நீளத்தையும் எக்ஸ்ரேயிலோ கருவியிலோ அளந்து, மெல்லிய அரங்களால் உட்சுவரைத் தேய்த்து, கிருமிநாசினி நீரால் கழுவுவார்கள். ஒரே அமர்வில் முடியாவிட்டால் தற்காலிக அடைப்பு வைத்து அனுப்புவார்கள். பிறகு கட்டாபெர்ச்சா என்ற ரப்பர் போன்ற மரப்பாலால் குழாய்களை நுனிவரை அடைப்பார்கள். ஒரு குழாய் கண்ணில் படாமல் போனாலோ அடைப்பு கசிந்தாலோ, மாதங்கள் கழித்தும் கடிக்கும்போது வலிக்கும். ஈறில் பரு போலக் கிளம்பிச் சீழ் வடியும்.

நம் ஓட்டுநருக்கு முதல் அமர்விலேயே வலி நின்றுவிடுகிறது. அடுத்த நாளே லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போகிறார். தற்காலிக அடைப்பு சில வாரங்களுக்குத்தான் தாங்கும். தேய்ந்து விழுந்தால் எச்சிலோடு கிருமிகளும் சுத்தம் செய்த குழாய்க்குள் மறுபடி இறங்கும். வலியைச் சொல்ல வேண்டிய கூழ் இப்போது இல்லை. எனவே கெடுவது அவருக்கு உடனே தெரியாது.

அடைப்பு முழுதாக முடிந்தாலும், “வலிதான் போயிருச்சுங்களே, அப்புறம் எதுக்குங்க கேப்பு?” என்று கேட்பார். நியாயமான கேள்வி. சொத்தை தின்றதும் நாம் திறந்த வழியும் சேர்ந்து பல்லின் நடுப்பகுதி குறைந்துவிட்டது. சுற்றுச்சுவர்கள் மட்டும் மெலிந்து நிற்கின்றன. முறுக்கைக் கடிக்கும் விசையில் அவை பிளக்கலாம். பிளவு வேர்வரை இறங்கினால் பல்லைப் பிடுங்குவதைத் தவிரப் பெரும்பாலும் வழியில்லை. கிரவுன் என்பது அந்தச் சுவர்களை வெளியிலிருந்து சேர்த்துப் பிடிக்கும் உறை. அதற்கு இடம் விட, பல்லைச் சுற்றிலும் மேலும் ஏறக்குறைய 1 முதல் 2 மில்லிமீட்டர் இழைத்து, அச்செடுத்து, உலோகத்திலோ பீங்கானிலோ செய்து ஒட்டுவார்கள். முன்பல்லில் சேதம் குறைவாக இருந்தால் உறை தேவைப்படாமலும் போகலாம். உறை போட்ட பல்லும் ஈறோரத்தில் மறுபடி சொத்தையாகக்கூடும். துலக்குவதை விடக் கூடாது.

ஸ்கேலிங் வேறு வகை. அது பல்லின் வெளிப்புற வேலை. எச்சிலிலுள்ள தாதுக்கள் பற்படலத்தில் படிந்து கெட்டியாவதே காரை. எச்சில் சுரப்பிகளின் வாய் திறக்கும் இடம் என்பதால் கீழ் முன்பற்களின் உட்புறத்தில் அது அதிகம். நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை அதிரும் கருவிமுனையால், நீர் தெளித்தபடி அதைப் பெயர்க்கிறோம். “கிளீன் பண்ணுனா பல்லு ஆடிருமுங்க” என்ற அச்சம் இங்கே பரவலாக உண்டு. காரை வளர வளர ஈறு இறங்கி எலும்பு கரைந்திருக்கும். ஆடும் பற்களைக் காரையே ஒட்டிப் பிடித்திருக்கும். அது போனதும் ஏற்கெனவே இருந்த ஆட்டமும் இடைவெளியும் தெரிகின்றன. கொஞ்ச நாள் கூச்சமும் இருக்கும். இவற்றை முன்கூட்டியே சொன்னால் பழி கருவிமேல் விழாது.

சேலம், தருமபுரிப் பக்கங்களில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஃப்ளோரைடு மிகுந்த நிலத்தடி நீரைக் குழந்தைப் பருவத்தில் குடித்தவர்களின் பற்களில் பழுப்புக் கறை இருக்கும். பல் உருவாகும்போதே எனாமலுக்குள் ஏறிய கறை அது, ஸ்கேலிங்கில் போகாது. மேலே படியும் வெற்றிலைக் கறை போகும். இரண்டையும் பிரித்துச் சொல்லாவிட்டால், வெள்ளைப் பல்லை எதிர்பார்த்து வந்தவர் ஏமாந்து திரும்புவார்.

ஆகவே இன்றைய கருத்தரங்க அமர்வுகளில் நோயாளிகளுக்காக நாம் எழுதும் ஒவ்வொரு விளக்கமும் மூன்றைச் சொல்ல வேண்டும்: எதை எடுக்கிறோம், எதை வைக்கிறோம், அடுத்து எப்போது வர வேண்டும். எழுதியதை நோயாளியிடம் படித்துக் காட்டி, அவர் வாயாலேயே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். “வலி நின்னாலும் கேப் போட வரணுமுங்க” என்று அவர் சொன்னால் விளக்கம் தேறியது. சொல்லாவிட்டால் திருத்தி எழுதுங்கள். இந்த அளவுகோலோடு கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.