காணாமல் வளர்ந்த நேசம்



இந்த நினைவுப் பொழிவுக்குப் புறநானூற்றிலிருந்து இரண்டு ஆண்களின் கதையைத் தேர்ந்திருக்கிறோம். ஒருவன் உறையூரை ஆண்ட கோப்பெருஞ்சோழன். மற்றவர் பாண்டிய நாட்டுப் பிசிர் என்னும் ஊரைச் சேர்ந்த ஆந்தையார். பள்ளிக்கூடத்தில் இதை 'நட்பின் இலக்கணம்' என்று படித்திருப்போம். குறளின் நட்பு அதிகாரத்துக்கு உரை எழுதிய பரிமேலழகரும், பழக்கமே இல்லாமல் உணர்ச்சி ஒன்றிய நட்புக்கு இவர்களைத்தான் எடுத்துக்காட்டுகிறார். அந்தச் சொல்லோடு நாம் நின்றுவிடாமல் பாட்டுக்குள் போய்ப் பார்ப்போம்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. ஆந்தையார் ஓர் அன்னச் சேவலிடம் பேசுகிறார் (67). வடக்கே பறக்கிறாயே, வழியில் உறையூரில் தங்கி, சோழனிடம் பிசிர் ஆந்தையின் அடியவன் நான் என்று சொல், உன் பேடைக்கு அவன் அணிகலன் தருவான் என்கிறார். பறவையிடம் மனத்தைச் சொல்லி அனுப்புவது அகப்பாட்டிலும் உண்டு. நற்றிணையில் ஒரு தலைவி வெள்ளைக் குருகிடம் அப்படித்தான் பேசுகிறாள். இங்கே பேசுகிறவரும் ஆண், கேட்க வேண்டியவனும் ஆண்.

பிறகு அரண்மனையில் குடும்பச் சண்டை. பிள்ளைகள் தந்தையை எதிர்த்துக் கிளம்புகிறார்கள். போருக்குப் புறப்பட்ட சோழனைப் புல்லாற்றூர் எயிற்றியனார் தடுக்கிறார். சோழன் நாட்டைத் துறந்து, வடக்கு நோக்கி உட்கார்ந்து உண்ணாமல் உயிர்விடத் துணிகிறான். அப்போது ஆந்தையாருக்கும் ஓர் இடம் ஒதுக்கச் சொல்கிறான். காதால் கேட்டதோடு சரி, கண்ணால் கண்டதில்லையே, அவர் வருவாரா என்று சுற்றியிருந்தவர்கள் ஐயப்படுகிறார்கள். சோழனின் பதில் 216ஆம் பாட்டில் இருக்கிறது: அவர் தம் பெயரைச் சொல்லும்போது என் பெயரையே சொல்வார், இடத்தை ஒழித்து வையுங்கள். ஆந்தையார் வந்தார். கூடவே வடக்கிருந்தார்.

இந்த வரலாற்றில் மூன்றாவது ஒருவர் உண்டு, பொத்தியார். அவரும் உடன் இருக்க வந்தார். அவர் மனைவி கருவுற்றிருந்ததால், மகன் பிறந்த பின் வா என்று சோழன் திருப்பி அனுப்பிவிட்டான். மனைவிக்கு உரிய கடனையும், தன்னோடு சாக வருகிறவரின் உரிமையையும் சோழன் எதிரெதிராக வைக்கவில்லை. ஒன்றை முடித்துவிட்டு மற்றதற்கு வரச் சொன்னான்.

இவர்கள் காதலர்களா? அவசரப்படாமல் சொல்ல வேண்டும். உடல் உறவைப் பற்றி ஒரு பாட்டும் பேசவில்லை. சந்திக்காதவர்கள் என்பதே கதை. ஆந்தையாருக்கு மனைவி மக்கள் உண்டு. வயதாகியும் நரை இல்லாததற்கு அவர்களின் நற்குணத்தையும் ஒரு காரணமாக அவரே 191இல் சொல்கிறார். சோழன் பெயரில் குறுந்தொகையில் உள்ள பாட்டுகளும் ஆண் பெண் காதல்தான். ஆகவே இன்றைய 'தன்பாலீர்ப்பாளர்' என்ற சொல்லை அவர்கள்மேல் ஒட்டுவது சரியாகாது. ஆனால் 'வெறும் நட்பு' என்று கடந்து போவதும் பாட்டைப் படிக்காத பேச்சு. பெயரை மாற்றிக்கொள்வது, இருப்பிடத்தைப் பங்கிடுவது, சேர்ந்தே சாவது எல்லாம் இதற்குள் இருக்கின்றன. கணவனுக்குப் பின் வாழ மறுத்த மனைவியைப் பாடிய அதே புறநானூற்றுக்குள்தான் இந்தப் பாட்டுகளும் இருக்கின்றன. ஆணும் ஆணும் இவ்வளவு நெருங்குவதைச் சான்றோர் வியந்து பாடினார்களே தவிர, யாரும் கூசவில்லை.

இரண்டு பெண்களின் நேசத்துக்கு இப்படியொரு பாட்டுத் தொகுதியை நாம் காட்ட முடியாது. தலைவியும் தோழியும் ஒருவருக்கொருவர் மிக நெருக்கம். ஆனாலும் அவர்கள் பேச்சு பெரும்பாலும் தலைவனைச் சுற்றியே வருகிறது. மேலும் பாட்டில் இடம் பெற்றவன் அரசன். அவனைப் பாடியவர்கள் புலவர்கள். கடம்பூர்க் கரிசலில் சேர்ந்து பருத்தி எடுத்துச் சேர்ந்தே திரும்பும் கூலிப் பெண்கள் இருவரின் பிரியத்தை எந்தப் புலவரும் எழுதி வைக்கவில்லை. ஏட்டில் இல்லாததால் அது இருந்ததில்லை என்று நாம் ஒப்புக்கொள்ளப் போவதில்லை. நம் வரலாறு பெரும்பாலும் ஏட்டில் இல்லாததுதானே.

ஏடு இன்று வேறு இடத்தில் எழுதப்படுகிறது. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரண்டு பெண்கள், குடும்பத்தாரும் காவல்துறையும் தங்களைத் தொந்தரவு செய்யாதிருக்கக் காப்புக் கேட்டார்கள். 2021 ஜூன் 7 அன்று நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் இடைக்கால உத்தரவு போட்டார். தனக்கே முன்முடிவுகள் இருந்ததை ஒப்புக்கொண்டு, உளவியலாளரிடம் போய்க் கற்றுக்கொண்டதையும் அதில் எழுதியிருந்தார். 'மகளைக் காணவில்லை' என்ற புகார் எப்படி வேலை செய்யும் என்று சாதி மறுத்துத் திருமணம் செய்தவர்களுக்கு நாம் சொல்லித் தர வேண்டியதில்லை. அதே புகார், அதே காவல் நிலையம்.

பொத்தியாருக்கு மகன் பிறந்தது. அவர் திரும்பி வந்தபோது சோழன் நடுகல்லாகிவிட்டான். அந்தக் கல்லிடம்தான் அவர் கேட்கிறார், எனக்குரிய இடம் எது என்று. அடுத்த பாட்டிலேயே, 223இல், கல்லான பின்னும் நீ இடம் கொடுத்தாய் என்று பாடுகிறார்.