கார்த்திகைச் சீர்ப் பெட்டி எத்தனை நாள் தாங்கும்?

திருவண்ணாமலைக்கு தீபம் பார்க்க வர்றவங்க, வெளியூர்ல இருக்கிற தங்கைக்குச் சீராகக் கொடுக்க இங்கேயே ஒரு ஸ்வீட் பாக்ஸும் வாங்கிட்டுப் போறது உண்டு. கலாகந்து, பால் பர்ஃபி, கடலைமாவு லட்டு, முறுக்கு எல்லாம் ஒரே அட்டைப் பெட்டியில் இருக்கும். அந்தப் பெட்டியைப் பற்றித்தான் இன்னைக்குப் பேசப் போறேன்.

நாள் கணக்கைப் பார்ப்போம். தீபத்தன்று சாயங்காலம் வாங்குறீங்க. மறுநாள் பெங்களூருக்கு பஸ். தங்கை வீட்டில் அதற்கு அடுத்த நாள்தான் பெட்டியைப் பிரிப்பாங்க. ஆக, வாங்கி இரண்டு நாள் ஆயிடுது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல்படி கலாகந்தை அன்றே சாப்பிட்டுவிட வேண்டும். பால் பர்ஃபி, பேடா மாதிரி கோவா இனிப்புக்கு 4 நாள். கடலைமாவு லட்டு 30 நாள் வரை தாங்கும். இந்த நாளெல்லாம் செய்த தேதியிலிருந்து கணக்கு, வாங்கிய தேதியிலிருந்து இல்லை. கலாகந்து தங்கை கைக்குப் போகும்போதே காலாவதி.

அதனால் வாங்கும்போதே தட்டைப் பாருங்க. சில்லறையாக விற்கும் இனிப்புக்கும், எந்தத் தேதிக்குள் சாப்பிடணும்னு தட்டருகே எழுதியிருக்கான்னு கவனிங்க. 2020 அக்டோபர் 1 முதல் இதை எழுதி வைப்பது கட்டாயமாக்கப்பட்டது. செய்த தேதியை எழுதுவது கடைக்காரர் விருப்பம், அதைக் கேட்டுத் தெரிஞ்சுக்கலாம். அந்த அட்டையை போனில் ஒரு போட்டோ எடுத்து, பெட்டியோடு தங்கைக்கும் அனுப்பிடுங்க. கையில் பெட்டி மட்டும் இருந்தா அவங்களுக்கு எப்படித் தேதி தெரியும்?

அடுத்தது ஈரம். கார்த்திகை மழை மாசம். பால் இனிப்பிலுள்ள ஈரத்தைப் பக்கத்திலிருக்கும் முறுக்கு இழுத்து நமத்துப் போகும். பொரி உருண்டையில் வெல்லம் கசிஞ்சு பிசுபிசுக்கும். காரத்தையும் இனிப்பையும் தனித்தனி டப்பாவில், காற்றுப் புகாமல் மூடுங்க. சூடாக இருக்கும்போது மூட வேண்டாம். உள்ளே ஆவி நீராகி, பூஞ்சை அங்கேதான் ஆரம்பிக்கும். பார்க்க அழகா இருக்குன்னு எல்லாத்தையும் ஒரே பெட்டியில் அடுக்கித் தருவாங்க. பயணத்துக்கு அது சரிப்படாது.

பிரிக்கும்போது முதலில் மோந்து பாருங்க. முறுக்கில் சிக்கு வாடை வந்தா எண்ணெய் கெட்டுடுச்சு. பால் இனிப்பு புளிச்ச வாடை அடிச்சாலோ, கையில் வழவழன்னு ஒட்டினாலோ சாப்பிடாதீங்க. பூஞ்சை பிடிச்ச இடத்தை மட்டும் கிள்ளிப் போட்டுட்டு மீதியைச் சாப்பிடுற பழக்கம் நம்ம வீடுகளில் உண்டு. மென்மையான இனிப்பில் பூஞ்சை கண்ணுக்குத் தெரியாமல் உள்ளேயும் பரவியிருக்கும், முழுசா எறிஞ்சிடுங்க.

தமிழ்நாட்டில் வாங்கினது கெட்டுப் போயிருந்தா பில், தேதி அட்டை, இனிப்பு மூன்றையும் போட்டோ எடுத்து, கடையின் பெயர், ஊர் விவரத்தோடு உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பலாம்.